கொடுத்த ஐயாயிரமும் ஏழு நாள் கணக்கும்

வாசகர் கடிதம்

ஐயா, வணக்கம். பண்ருட்டி பக்கம் நாற்பது சென்ட் முந்திரித் தோப்பு என் பேரில் கிரையம் வாங்கினோம். உட்பிரிவு செய்து பட்டா மாற்ற மனு போட்டு இரண்டு மாதம் ஆகிறது. சர்வேயர் அளக்க வரவே இல்லை. போய்க் கேட்டால் இருபதாயிரம் என்றார், பேசிப் பதினைந்தாக்கினேன். "அட்வான்ஸ் ஐயாயிரத்தை ஜெராக்ஸ் கடைப் பையன்கிட்ட கொடுத்துடுங்க" என்றார். போன சனிக்கிழமை அந்தப் பையனுக்கு ஜிபேயில் போட்டுவிட்டேன். மீதி பத்தாயிரம் கொடுத்தால்தான் அளக்க வருவாராம்.

என் கணவர் குவைத்தில் இருக்கிறார். "லஞ்சம் கொடுத்தவரும் குற்றவாளிதான், வாயைத் திறக்காதே" என்கிறார். புதுச்சேரியில் இருக்கும் என் தம்பி சிபிஐயில் புகார் கொடு என்கிறான். கலெக்டர் மனு நாளில் கொடுத்தால் போதாதா? புகார் கொடுத்தால் அந்த ஐயாயிரத்தைச் சொல்லாமல் விட்டுவிடலாமா? போனில் அவர் பேசியதைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன், ஆனால் அது கோர்ட்டில் செல்லாது என்கிறார்களே?

— பெயர் வேண்டாம், கடலூர் மாவட்டம்

வழக்கறிஞர் பதில்

அம்மா, உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது தொகை இல்லை, "போன சனிக்கிழமை" என்ற இரண்டு வார்த்தைதான். இன்று புதன்கிழமை. வரும் சனிக்கிழமையோடு உங்களுக்குச் சட்டம் கொடுத்திருக்கும் ஏழு நாள் முடிகிறது. அதனால் மற்றதையெல்லாம் பிறகு வைத்துக்கொண்டு அதைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கணவர் சொன்னது பாதி சரி. ஊழல் தடுப்புச் சட்டம் 1988-இல் வந்தது. அப்போது லஞ்சம் கொடுத்தவர் சாட்சியாக வந்து "நான் கொடுத்தேன்" என்று சொன்னால், அந்த வாக்குமூலத்தை வைத்து அவர்மேல் வழக்குப் போட முடியாது என்று 24-வது பிரிவு இருந்தது. 2018 ஜூலையில் வந்த திருத்தம் அந்தப் பிரிவை எடுத்துவிட்டது. 8-வது பிரிவையும் மாற்றி எழுதி, லஞ்சம் கொடுப்பதையே தனிக் குற்றமாக்கியது. ஏழாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அதே 8-வது பிரிவு இரண்டு கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தவர், கொடுத்த நாளிலிருந்து ஏழு நாளுக்குள் காவல் துறையிடமோ புலனாய்வு அமைப்பிடமோ தெரிவித்துவிட்டால் அவர்மேல் குற்றம் இல்லை. இது நீங்கள் ஏற்கெனவே கொடுத்த ஐயாயிரத்துக்கு. கொடுப்பதற்கு முன்பே தகவல் சொல்லிவிட்டு, கேட்டவரைப் பிடிக்க உதவியாகக் கொடுத்தால் அதுவும் குற்றம் இல்லை. இது இனிமேல் கொடுக்கப்போகும் பத்தாயிரத்துக்கு. இரண்டாவது கதவுக்கு நாள் கணக்கு கிடையாது. முதலாவதுக்கு உண்டு, அது சனிக்கிழமை சாத்திக்கொள்கிறது. கொடுத்த நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதால்தான் சனி வரை. எதிர்த்தரப்பு வக்கீல் அதையும் ஒரு வாதமாக்குவார் என்பதால் வெள்ளிக்கிழமையைக்கூட நம்பி உட்கார வேண்டாம். நாளை வியாழக்கிழமை காலையே கிளம்பிவிடுங்கள்.

"பேரம் பேசிக் குறைத்தேனே, அப்படியானால் நானே சம்மதித்துக் கொடுத்ததாகிவிடாதா?" என்ற உறுத்தல் உங்கள் வரிகளுக்கு நடுவில் தெரிகிறது. கட்டாயம் என்றால் என்ன என்று சட்டம் விளக்கிச் சொல்லவில்லை, நடந்ததை வைத்து நீதிமன்றம்தான் முடிவு செய்யும். உங்கள் விஷயத்தில் மனு போட்ட தேதி இருக்கிறது, ஒப்புகைச் சீட்டு இருக்கிறது, இரண்டு மாதம் அளக்க வராதது இருக்கிறது, தொகையை முதலில் சொன்னவர் அவர். இருபதைப் பதினைந்தாக்கியது, கேட்டது அவர்தான் என்பதற்கே சாட்சி. விலை சொல்லாதவரிடம் யாரும் பேரம் பேசுவதில்லை.

இன்னொன்று. முறைப்படி உங்களுக்குச் செய்துதர வேண்டிய வேலைக்குத்தானே கேட்டார், தப்பான வேலைக்கு இல்லையே என்று சிலர் குழம்புவார்கள். 7-வது பிரிவுக்கு அந்த வித்தியாசம் கிடையாது. செய்ய வேண்டிய வேலையைச் செய்யவே காசு கேட்டாலும், கேட்டு வாங்க முயன்றாலும் குற்றம்தான். மூன்றாண்டுக்குக் குறையாமல் ஏழாண்டு வரை சிறை, அபராதமும் உண்டு.

எங்கே போவது

கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை கொடுக்கும் மனு இதற்கு உதவாது. அங்கே உங்கள் மனு, அளக்கத் தாமதம் என்ற குறையாகப் பதிவாகி, கீழே இறங்கி இறங்கி, கடைசியில் அதே தாலுகா அலுவலகத்துக்கு வந்து சேரும். சர்வேயருக்குத் தகவல் போய்விடும். அதைவிட முக்கியமாக, கலெக்டர் அலுவலகம் புலனாய்வு அமைப்பு இல்லை. ஏழு நாள் கணக்கில் அந்த மனுவை நம்ப முடியாது. அடுத்த திங்கள் வருவதற்குள் சனிக்கிழமையும் போய்விடும்.

தம்பி சொன்ன சிபிஐயும் உங்களுக்கு இல்லை. தமிழ்நாடு அரசு ஊழியர்மேல் புகார் என்றால் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம், ஊர் வாயில் லஞ்ச ஒழிப்புத் துறை. கடலூரிலேயே அவர்களுடைய பிரிவு இருக்கிறது, டிஎஸ்பி ஒருவர் தலைமையில். தம்பி புதுச்சேரி நடைமுறையை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார். அது யூனியன் பிரதேசம், அங்கே மத்திய அமைப்புகளுக்கு நேரடி வேலை உண்டு. பாகூரில் நிலம் இருந்திருந்தால் நானும் புதுச்சேரி பக்கம்தான் கைகாட்டியிருப்பேன். பண்ருட்டி நிலத்துக்குக் கடலூர்தான்.

அரசு அனுமதி வாங்காமல் அரசு ஊழியர்மேல் கைவைக்க முடியாது என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். 2018-இல் சேர்த்த 17ஏ பிரிவை அரைகுறையாகக் கேட்டதால் வரும் பேச்சு அது. ஓர் அதிகாரி எடுத்த முடிவையோ செய்த பரிந்துரையையோ விசாரிப்பதற்கான முன் அனுமதி அது. பணம் வாங்கும்போது அங்கேயே பிடிப்பதற்கு அந்த அனுமதி வேண்டாம் என்று அதே பிரிவு சொல்கிறது. பின்னால் வழக்கு நீதிமன்றம் போகும்போது 19-வது பிரிவின்படி அனுமதி வேண்டும். அதை வாங்குவது அவர்கள் வேலை, உங்கள் வேலை இல்லை.

ஐயாயிரத்தை மறைத்தால் என்ன ஆகும்

நீங்கள் கேட்டதிலேயே ஆபத்தான கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன்னால் இதே மாதிரி ஒரு வழக்கில் நான் எதிரி தரப்பு வக்கீல். புகார்தாரர் விவசாயி, நல்ல மனிதர். முதல் தவணையாக மூவாயிரம் கொடுத்திருந்தார். அதைச் சொன்னால் தன்மேலும் வழக்கு வரும் என்று பயந்து புகாரில் எழுதவில்லை. ரசாயனம் தடவிய நோட்டு, கை கழுவிய தண்ணீர், சாட்சிகள், எல்லாம் கச்சிதமாக இருந்தது. என் கட்சிக்காரர் சொன்ன பதில் ஒன்றுதான்: அது கைமாற்றுக் கடன், அவர் திருப்பிக் கொடுத்தார். குறுக்கு விசாரணையில் நான் முதல் தவணையைப் பற்றி மெல்லக் கேட்டேன். "இல்லை" என்றார். அவர் மைத்துனர் கணக்கிலிருந்து பணம் போன வங்கித் தாளைக் காட்டினேன். கூண்டில் நின்றவர் தண்ணீர் கேட்டார். உங்களுக்குள் ஏற்கெனவே கொடுக்கல் வாங்கல் இருந்திருக்கிறது, அதை ஏன் கோர்ட்டுக்கு மறைத்தீர்கள் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு கடன் கதை நம்பும்படியாகிவிட்டது. விடுதலை. அந்த வழக்கில் ஜெயித்ததை நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை.

உங்களிடம் இருப்பது ஜிபே. தேதி, நேரம், யாருக்குப் போனது, எல்லாம் அதில் அழியாமல் நிற்கிறது. மறைத்தால் ஜெராக்ஸ் கடைப் பையன் "விண்ணப்பம் பதிவேற்றியதற்கும் நகல் எடுத்ததற்கும் கொடுத்த கூலி" என்று முந்திக்கொள்வான். சொன்னாலோ, அதே ஐயாயிரம் உங்கள் பக்கம் நிற்கும். நகலுக்கு யாராவது ஐயாயிரம் கொடுப்பார்களா? அதை நீங்கள் முதலில் சொல்லியிருந்தால் மட்டுமே இந்தக் கேள்வி அவனைக் குத்தும். மறைப்பதில் இன்னொரு நஷ்டமும் உண்டு: ஏழு நாளுக்குள் தெரிவித்தார் என்ற பாதுகாப்பே அந்த ஐயாயிரத்துக்குக் கிடைக்காமல் போய்விடும்.

அந்தப் பையன் வழியாக வாங்கினால் சர்வேயர் தப்பிவிடுவாரோ என்று பயப்பட வேண்டாம். நேராக வாங்கினாலும் வேறொருவர் கையால் வாங்கினாலும் ஒன்றுதான் என்று 7-வது பிரிவின் விளக்கமே சொல்கிறது. இடைத்தரகரைப் பிடிக்க 7ஏ பிரிவு தனியாக இருக்கிறது. ஆனால் பையன் சர்வேயருக்காகத்தான் வாங்குகிறான் என்ற முடிச்சு நிரூபணமாக வேண்டும். இல்லாவிட்டால் பையன் மட்டும் மாட்டுவான், சர்வேயர் "எனக்குத் தெரியாது" என்று நடந்து போய்விடுவார். உங்கள் பதிவில் "ஜெராக்ஸ் கடைப் பையன்கிட்ட கொடுத்துடுங்க" என்று அவர் குரலில் இருக்கிறதா என்று இப்போதே கேட்டுப் பாருங்கள். இருந்தால் அதுதான் அந்த முடிச்சு. இல்லாவிட்டால் டிஎஸ்பியிடம் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள், அதற்கேற்ப அவர்கள் திட்டம் போடுவார்கள். நீங்களாகவே அவருக்குப் போன் போட்டுப் பேச்சுக் கொடுத்துப் பிடுங்கப் பார்க்காதீர்கள்.

பதிவு செல்லாது என்பது தவறு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி, உரிய சான்றிதழோடு மின்னணுப் பதிவு சாட்சியமாகும். அந்தச் சான்றிதழை எப்படிக் கொடுப்பது என்று அதிகாரிகளே வழிகாட்டுவார்கள். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான். வேண்டாத பகுதியை வெட்டாதீர்கள், பெயர் மாற்றிச் சேமிக்காதீர்கள், குவைத்துக்கு வாட்ஸப்பில் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் பரவாயில்லை, மூலப்பதிவு உங்கள் போனிலேயே இருக்கட்டும். அந்தப் போனை மாற்றவோ விற்கவோ ரிப்பேருக்குக் கொடுக்கவோ வேண்டாம்.

அன்று என்ன நடக்கும்

நீங்கள் எழுத்தில் புகார் கொடுத்ததும் முதலில் சரிபார்ப்பார்கள், பிறகு முதல் தகவல் அறிக்கை பதிவாகும். வேறு துறைகளிலிருந்து இரண்டு அரசு ஊழியர்களைச் சாட்சிகளாக வரவழைப்பார்கள். பத்தாயிரத்தை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நோட்டுகள் சான்றுப்பொருளாகிவிடும், ஆகவே அந்தத் தொகை எப்படி, எப்போது திரும்ப வரும் என்பதை அப்போதே டிஎஸ்பியிடம் கேட்டுவிடுங்கள்.

நோட்டு எண்களை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு, ஃபினாப்தலீன் என்ற வெள்ளைப் பொடியைத் தடவுவார்கள். ஒரு கண்ணாடித் தம்ளரில் சோடியம் கார்பனேட் கரைசல் வைத்து, நோட்டைத் தொட்டவரை அதில் விரலை நனைக்கச் சொல்வார்கள். பச்சைத் தண்ணீர் மாதிரி நிறமே இல்லாமல் இருந்தது சட்டென்று ரோஜா நிறமாகும். இதை உங்கள் கண்ணெதிரில் செய்துகாட்டி, மகஜர் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். வாங்கியவர் கையையும் பிறகு அப்படித்தான் நனைப்பார்கள். நிறம் மாறிய கரைசல் பாட்டிலில் அடைத்து, முத்திரை வைத்து, தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகும்.

உங்களோடு ஒரு சாட்சி, உறவினர் போல வருவார். உங்களுக்குச் சொல்லித்தரும் விதிகளில் ஒன்றைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். அவர் வாய்விட்டுக் கேட்கும்வரை பணத்தை எடுக்காதீர்கள். மேஜையில் வைப்பது, ஃபைலுக்குள் செருகுவது, சட்டைப்பையில் திணிப்பது எதுவும் கூடாது.

காரணம் இருக்கிறது. கை ரோஜா நிறமானது, அவர் அந்த நோட்டைத் தொட்டார் என்பதை மட்டும்தான் நிரூபிக்கும். கேட்டு வாங்கினார் என்பதை நிரூபிக்காது. உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2022 டிசம்பரில் நீரஜ் தத்தா வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: கேட்டதும் நிரூபணமாக வேண்டும், வாங்கியதும் நிரூபணமாக வேண்டும். புகார்தாரர் இறந்துபோனாலோ பிறழ் சாட்சியாகிவிட்டாலோ மற்ற சாட்சியங்களையும் சூழ்நிலையையும் வைத்து அதை நிரூபிக்கலாம் என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. பொறி வைத்துப் பிடித்த பல வழக்குகள் விடுதலையில் முடிவது ரசாயனத்தில் இல்லை, இந்த "கேட்டார்" என்ற இடத்தில்தான். சர்வேயர் அன்று உஷாராகி வாங்காமல் போனாலும் கவலைப்படாதீர்கள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், இட்டுக்கட்ட வேண்டாம்.

அதற்குப் பிறகு

இங்கே நான் உங்களுக்கு இனிப்பாகப் பேசப் போவதில்லை. இந்த வழக்குகளை இரண்டு ஆண்டுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, காரணம் எழுதி நீட்டினாலும் மொத்தம் நான்கு ஆண்டு. நடப்பில் அதற்கு மேலும் இழுப்பதை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் முதன்மைச் சாட்சி, கூண்டில் ஏறியே ஆக வேண்டும். நடுவில் சர்வேயரின் உறவினர்கள் யாராவது பணத்தோடோ கெஞ்சலோடோ வீட்டுக்கு வருவார்கள். கணவர் ஊரில் இல்லாத வீடு என்பதைத் தெரிந்துகொண்டுதான் வருவார்கள். கதவுக்கு வெளியிலேயே பேசி அனுப்பிவிட்டு, அன்றைக்கே டிஎஸ்பிக்குச் சொல்லுங்கள். நீங்கள் மனம் மாறி "அப்படி எதுவும் நடக்கவில்லை" என்று கோர்ட்டில் சொன்னால், பொய் சாட்சிக்கான நடவடிக்கை உங்கள்மேல் திரும்பலாம். நாளை கிளம்புவதற்கு முன்னால் இதைக் கணவரிடம் போனில் பேசித் தீர்த்துவிடுங்கள்.

புகார் கொடுக்க மனம் வரவில்லை என்றால்? மீதிப் பத்தாயிரத்தைக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் முன்கூட்டியே சொல்லாமல் கொடுத்த இரண்டாவது லஞ்சம் ஆகிவிடும். ஏழு நாள் தாண்டிப் புகார் கொடுத்தாலும் எடுத்துக்கொள்வார்கள்தான், ஆனால் ஐயாயிரம் விஷயத்தில் உங்களுக்கு உரிமையாக இருக்கும் பாதுகாப்பு, அப்போது விசாரணை அதிகாரியும் நீதிமன்றமும் பார்த்துச் செய்யும் தயவாகக் குறைந்துவிடும். சிறப்பு நீதிபதி மன்னிப்பு வழங்கிச் சாட்சியாக்கலாம் என்று 5-வது பிரிவு இருக்கிறது. ஆனால் அந்த வழிக்குப் போனால் முதலில் குற்றவாளி என்ற இடத்தில் நின்றுவிட்டுத்தான் வெளியே வர வேண்டும்.

பட்டா என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கவே இல்லை, ஆனால் அதுதானே ஆரம்பம். உங்கள் மனு சம்பந்தமான கோப்பை லஞ்ச ஒழிப்புப் போலீசார் கைப்பற்றுவார்கள், கோப்பு போலீசிடம் இருக்கிறது என்று அலுவலகத்தில் கைவிரிப்பார்கள். அதனால் பொறி முடிந்த கையோடு தாசில்தாருக்குப் பதிவுத் தபாலில் ஒரு மனு அனுப்புங்கள். விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு, வேறு சர்வேயரை வைத்து உட்பிரிவு செய்துதரக் கேளுங்கள். கிரையப் பத்திர நகலும் வில்லங்கச் சான்றும் இணையுங்கள். ஒரு மாதம் பார்த்துவிட்டு, அசைவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம். முடிவெடுக்கக் காலக்கெடு விதிக்கச் சொல்லிக் கேட்கும் சாதாரண மனுதான் அது.

நாளைக்கு எடுத்துப்போக வேண்டியவை: பட்டா மனுவின் ஒப்புகைச் சீட்டு, கிரையப் பத்திர நகல், ஆதார், பதிவு இருக்கும் அதே போன், அதன் சார்ஜர். ஜிபே பரிமாற்றத்தின் அச்சு நகலை வேறு ஏதாவது கடையில் எடுங்கள், அந்த ஜெராக்ஸ் கடைக்குப் போகாதீர்கள். புகாரை உங்கள் பேச்சுத் தமிழிலேயே எழுதலாம். இருபதாயிரம் கேட்ட நாளையும், ஐயாயிரம் போட்ட சனிக்கிழமையின் தேதியையும் நேரத்தையும் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். கொடுத்ததற்கு ரசீது கேட்டு வாங்குங்கள், அதில் வியாழக்கிழமை தேதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.